முதல் தவணைக்கு முன் ஒரு மெயில்

போன சித்திரையில் மேடவாக்கத்தில் என் தங்கைக்குப் புது ஃபிளாட்டின் சாவி கிடைத்தது. இரண்டு படுக்கையறை, ஒரு ஹால், எல் வடிவச் சமையலறை. உள்ளே வெறும் சுவரும் தரையும்தான். இன்டீரியர் டிசைனர் ஒருவரைப் பார்த்துப் பேசி, அவர் காட்டிய படங்களும் பிடித்துப்போய், அட்வான்ஸ் அனுப்புகிற நேரத்தில் எனக்குப் போன் செய்தாள்.

"அண்ணா, கொட்டேஷன் அனுப்பியிருக்கேன். ஒரு தடவை பாத்துட்டுச் சொல்லு. சாயங்காலம் 10 பர்சன்ட் போடணும்."

பணத்தை நாளைக்குப் போடலாம், இன்றைக்கு அவருக்கு ஒரு மெயில் எழுதலாம் என்றேன். அவளுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆரம்பத்திலேயே சந்தேகப்படுகிற மாதிரி ஆகிவிடாதா என்று கேட்டாள். நான் பிடிவாதமாக இருந்ததற்குக் காரணம் உண்டு. எட்டு வருடங்களுக்கு முன் என் வீட்டு வேலையில் மொத்தத் தொகையில் பத்தில் ஒன்பது பங்கைக் கொடுத்து முடித்த பிறகு, படுக்கையறைப் பரணுக்குக் கதவு வரவே இல்லை. "பரண் கதவு நாம பேசினதுல இல்லையே சார்" என்றார் வேலை எடுத்தவர். பேசினோமா இல்லையா என்று எனக்கே நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. அந்தப் பரண் இன்றும் திரைத்துணி போட்டு மூடித்தான் இருக்கிறது.

தங்கைக்கு வந்த கொட்டேஷன் இரண்டு பக்கம். சமையலறை 2,10,000 ரூபாய். இரண்டு படுக்கையறை அலமாரிகளும் பரண் கதவுகளும் 2,30,000. டி.வி. யூனிட்டும் பூஜை அலமாரியும் 70,000. ஹாலில் ஃபால்ஸ் சீலிங்கும் அதற்கான எலெக்ட்ரிக்கல் வேலையும் 80,000. டிசைன் கட்டணம் 50,000. ஆக மொத்தம் 6,40,000. அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 1,15,200 சேர்த்தால் 7,55,200. கீழே சின்ன எழுத்தில் பணம் கட்டும் முறை: ஒப்புக்கொள்ளும்போது 10 சதவீதம், டிசைன் முடிந்ததும் 50, பொருள்கள் ஃபேக்டரியிலிருந்து புறப்படும் முன் 35, வேலை முடிந்ததும் 5.

இதில் மோசடி எதுவும் இல்லை. இந்தத் தொழிலில் பல நிறுவனங்கள் ஏறக்குறைய இப்படித்தான் கேட்கின்றன. ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். லாரி கிளம்புவதற்கு முன்பே 95 சதவீதம், அதாவது வரி நீங்கலாக 6,08,000 ரூபாய் போய்விடும். அன்றைக்கு வீட்டுக்குள் ஃபால்ஸ் சீலிங் தவிர வேறொன்றும் இருக்காது. மாட்டுகிற வேலை, கதவு நேர் பார்க்கிற வேலை, கீறல் விழுந்ததை மாற்றிக் கொடுக்கிற வேலை எல்லாம் மிச்சமிருக்கும் 32,000 ரூபாயை நம்பி நடக்க வேண்டும். வேறு இடத்தில் பெரிய வேலை கிடைத்தால் அந்தத் தொகைக்காக ஆசாரிகள் திரும்பி வருவார்களா என்பதுதான் கேள்வி.

தவணையை மாற்றச் சொல்லிக் கேட்பதற்கு முன்னால் இன்னொன்று தெளிவாக வேண்டியிருந்தது. "வேலை முடிந்ததும்" என்றால் எந்த வேலை? கொட்டேஷனில் சமையலறைக்கு நேரே இருந்தது ஒரே வரி: "மாடுலர் கிச்சன், பி.டபிள்யூ.பி. பிளைவுட், லேமினேட் ஃபினிஷ்". எத்தனை டிராயர், எந்தக் கீல், கூடையெல்லாம் உண்டா, சிங்க்கும் குழாயும் யார் வாங்குவது, சிம்னிக்குச் சுவரில் ஓட்டை போடுவது யார் என்று ஒரு விவரமும் இல்லை. வேலை இன்னதென்று முடிவாகாத இடத்தில் தவணைக்கும் பொருள் இல்லை. அதனால் மெயிலின் முதல் பாதியில் வேலை, இரண்டாம் பாதியில் பணம் என்று வைத்துக்கொண்டோம்.

எழுத உட்கார்ந்ததும் முதலில் மாட்டியது அளவு. சமையலறைக் கீழ்ப்பெட்டிகளுக்குச் சதுரடி 1,600 ரூபாய் என்று விலை, 14 அடி நீளம் என்று கணக்கு. டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்தோம். ஒரு சுவர் 8 அடி, அதை ஒட்டிய சுவர் 6 அடி. கூட்டினால் 14 வருகிறது, சரிதான். ஆனால் பெட்டிகளின் ஆழம் 2 அடி. மூலையில் இருக்கும் அந்த 2 அடி இரண்டு சுவர்க் கணக்கிலும் விழுகிறது. அந்த மூலையை ஒரு தடவை மட்டும் கணக்கில் எடுத்தால் 12 அடிதான். உயரம் இரண்டே முக்கால் அடி என்பதால் வித்தியாசம் ஐந்தரைச் சதுரடி, பணமாகச் சொன்னால் 8,800 ரூபாய்.

டிசைனரிடம் கேட்டோம். "மூலைப் பெட்டிக்கும் பலகை போகுது மேடம், அதை மட்டும் எப்படிக் கழிக்கறது?" என்றார். அவர் சொன்னதும் நியாயம். சுவரை அளப்பவர்களும் உண்டு, முகப்பை அளப்பவர்களும் உண்டு. எப்படி அளக்கப்போகிறோம் என்று முன்கூட்டிச் சொல்லாமல் விட்டு, கடைசியில் ஃபைனல் மெஷர்மென்ட் எடுக்கும்போது ஆளுக்கொரு கணக்கு வைத்துக்கொண்டு நிற்பதுதான் தொல்லை. எங்கள் மெயிலில் சதுரடிக் கணக்கையே விட்டுவிட்டோம். "இணைத்துள்ள வரைபடத்தில் காட்டிய பெட்டிகளுக்கு மொத்தம் 2,10,000 ரூபாய். வரைபடம் மாறினால் ஒழியத் தொகை மாறாது" என்று எழுதினோம். மொத்தத் தொகைக்குப் பேசுவது எல்லா வீட்டுக்கும் ஒத்துவராது. சுவரை இடித்துக் கட்டுகிற பழைய வீடுகளில் அளவு கடைசி வரை மாறிக்கொண்டே இருக்கும். அங்கே சதுரடி விலைதான் நல்லது, ஆனால் அளக்கும் முறையை ஒரு வரியில் எழுதிவிட வேண்டும்.

அடுத்தது பலகை. பி.டபிள்யூ.பி. என்பது கொதிநீருக்கும் தாங்கும் பசையால் ஒட்டிய பிளைவுட். இந்தியத் தர நிர்ணயத்தில் இதற்கு ஐ.எஸ். 710 என்று எண். சாதாரணப் பிளைவுட்டுக்கு ஐ.எஸ். 303. கொட்டேஷனில் எந்த எண்ணும் இல்லை. பெயரை மட்டும் எழுதிவிட்டால் கடையில் எதை வேண்டுமானாலும் அந்தப் பெயரில் கொடுப்பார்கள். தரமான பலகையில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இந்த எண்ணும் அச்சடித்திருக்கும். சங்கடம் என்னவென்றால், இரண்டு பக்கமும் லேமினேட் ஒட்டியதும் அந்த அச்சு மறைந்துபோகும். பெட்டி வீட்டுக்கு வந்தபின் முத்திரையைத் தேட முடியாது. அதனால் அதைப் பார்ப்பதற்கான நாளையும் மெயிலிலேயே கேட்டுவிட்டோம்.

பணத்தை மிச்சப்படுத்தவும் இதே இடத்தில் வழி இருந்தது. சமையலறையில் சிங்க்குக்குக் கீழே இருக்கும் பெட்டிக்கு 710 பலகை அவசியம். படுக்கையறை அலமாரிக்குத் தண்ணீர் படுவதில்லை, அங்கே 303-இல் நல்ல தரமான பலகை போதும் என்று டிசைனரே சொன்னார். எது எங்கே என்று பிரித்து எழுதியதும் அலமாரிக்கான அவருடைய செலவு குறைந்தது. அந்த மிச்சத்துக்கு ஈடாகப் பெரிய அலமாரியில் மூன்று டிராயர்களைக் கூடுதலாகச் சேர்த்துக் கொடுத்தார்.

வேலைப் பகுதி கடைசியில் இப்படி அமைந்தது. தங்கை இதைத் தமிழும் ஆங்கிலமும் கலந்து எழுதினாள். டிசைனர் அலுவலகத்தில் படிப்பவர்களுக்கும் வீட்டில் வேலை செய்யும் மேஸ்திரிக்கும் ஒரே தாள் போதும்படி இருக்க வேண்டும் என்பது அவள் எண்ணம். அதன் சாரத்தைத் தமிழில் தருகிறேன்.

"வணக்கம் மேடம். நேற்று நேரில் பேசியவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். எதுவும் விட்டுப்போயிருந்தாலோ தவறாக இருந்தாலோ திருத்தி அனுப்புங்கள். சரியாக இருந்தால் 'சம்மதம்' என்று பதில் எழுதுங்கள். உங்கள் பதில் வந்ததும் முதல் தவணையை அனுப்புகிறேன்.

சமையலறை: வரைபடம் 1-இல் உள்ளபடி. பெட்டிகள் 18 மி.மீ. பிளைவுட், ஐ.எஸ். 710. பின்பலகை 6 மி.மீ. வெளிப்பக்கம் 1 மி.மீ. லேமினேட், உள்பக்கம் 0.8 மி.மீ. வெள்ளை லேமினேட். கதவுகள் மெதுவாக மூடும் கீலுடன். டிராயர்கள் ஆறு. கிரானைட் மேடை ஏற்கெனவே உள்ளது, அதைத் தொடக் கூடாது.

அலமாரிகள்: பெரிய அறையில் 7 அடி அகலம், 7 அடி உயரம். உள்ளே டிராயர் ஐந்து, துணி மாட்டும் கம்பி இரண்டு, தட்டுகள் வரைபடம் 2-இல் உள்ளபடி. சின்ன அறை அலமாரி வரைபடம் 3. இரண்டிலும் மேலே இருப்பது கான்கிரீட் பரண், அதனால் பெட்டி வேண்டாம், சட்டமும் கதவும் மட்டும்.

ஹால்: ஃபால்ஸ் சீலிங் வரைபடம் 4. விளக்குக்கு 12 பாயிண்ட், பிளக் 4 பாயிண்ட். வயரும் குழாயும் உங்கள் பொறுப்பு. சுவிட்சும் விளக்கும் நாங்கள் வாங்கித் தருவோம், மாட்டித் தருவது உங்கள் பொறுப்பு.

இந்தத் தொகையில் சேராதவை: சிங்க், குழாய், அடுப்பு, சிம்னி, கிரானைட் வேலை, பெயின்டிங்.

இந்தத் தொகையில் சேர்ந்தவை: பொருள் கொண்டுவரும் வண்டிச் செலவு, மாடிக்கு ஏற்றும் கூலி, தரையை மூடி வைப்பது, வேலைக் கழிவை அப்புறப்படுத்துவது, சிம்னிக் குழாய்க்குச் சுவரில் துளை போடுவது, வேலையில் சேதமாகும் சுவரைப் பூசி அந்த இடத்துக்கு மட்டும் டச்-அப் பெயின்ட் அடிப்பது."

இதில் நாங்கள் அதிக நேரம் பேசியது கடைசி இரண்டு பத்திகளைப் பற்றித்தான். சேராதவை என்று தனியாக எழுதுவது பலருக்குத் தோன்றுவதில்லை. வீட்டுக்காரர் மனதில் சமையலறை என்றால் அடுப்பு பற்றவைக்கிற நிலையில் இருக்கும் ஒரு முழு அறை. டிசைனர் மனதில் அது பெட்டிகளும் கதவுகளும். சிங்க்கும் குழாயும் சிம்னியும் கணக்கில் வராதவை என்று முதல் நாளே தெரிந்தால் அதற்கான பணத்தைத் தனியே எடுத்து வைக்கலாம். சிம்னித் துளையைப் பற்றிக் கேட்டபோது டிசைனரே யோசித்தார். சிம்னி கம்பெனிக்காரர் வந்து மாட்டுவார், ஆனால் சுவரைத் துளைக்க மாட்டார் என்பது அவருக்குத் தெரியும். கொட்டேஷனில் எழுத மறந்திருந்தார். "சின்ன வேலைதான், நான் பண்ணித் தர்றேன், சேத்துக்கோங்க" என்றார்.

வீட்டுக்காரர் செய்ய வேண்டியதும் மெயிலில் இருந்தது. அடுப்பும் சிம்னியும் எந்த மாடல் என்று தங்கை பத்து நாளில் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெட்டியின் அளவும் கிரானைட்டில் வெட்டும் துளையும் அதைப் பொறுத்தது. அடுக்குமாடிச் சங்கத்தில் அனுமதி வாங்கி, அவர்கள் கேட்கும் டெபாசிட்டைக் கட்டுவதும் அவள் வேலை. வேலை நேரம், லிஃப்டில் பொருள் ஏற்றலாமா, ஞாயிற்றுக்கிழமை துளைபோடும் சத்தம் ஆகுமா என்ற விதிகளை வாங்கி டிசைனருக்கு அனுப்புவதும் அவள்தான். இவற்றில் எது தாமதமானாலும் முடிக்கும் தேதி அத்தனை நாள் தள்ளிப்போகும் என்று அவளே எழுதினாள். இந்த ஒரு வரிக்குப் பிறகு டிசைனரின் பேச்சில் ஓர் இளக்கம் வந்ததை நான் கவனித்தேன்.

பிறகு பணம். எங்கள் யோசனை எளியது. ஒவ்வொரு தவணையும் கண்ணால் பார்த்து 'ஆயிற்று' அல்லது 'ஆகவில்லை' என்று சொல்லக்கூடிய ஏதாவது ஒன்றோடு சேர்ந்து வர வேண்டும். தேதியோடு சேர்த்தால், வேலை நடக்காவிட்டாலும் தேதி வந்துவிடும். 'பாதி வேலை முடிந்ததும்' என்று எழுதினால் எது பாதி என்பதில் சண்டை வரும். நாங்கள் முதலில் கேட்டது, பெட்டிகள் வீட்டில் இறங்கி எண்ணிப் பார்த்தபின் மூன்றாம் தவணை என்று.

டிசைனர் இதை ஒப்புக்கொள்ளவில்லை. "ஃபேக்டரி எங்களோடது இல்ல மேடம். அவங்களுக்கு முழுப் பணம் கட்டினாத்தான் லாரியே கிளம்பும். என் கைக்காச நான் எவ்வளவு போட முடியும்?" என்றார். அவர் சொன்னதில் உண்மை உண்டு. இது அளவெடுத்துச் செய்யும் பொருள். தங்கை வேண்டாம் என்று சொன்னால் அந்தப் பெட்டிகளை இன்னொரு வீட்டில் பொருத்த முடியாது. அவருக்கும் தன்னைக் காத்துக்கொள்ள வேண்டும். நடுவில் ஒரு வழி கண்டோம். லாரி கிளம்பும் முன் பணம் கொடுக்கலாம், ஆனால் அதற்கு முன்னால் ஃபேக்டரிக்குப் போய்ப் பார்க்க வேண்டும். கடைசித் தவணைகளும் கொஞ்சம் கனமாக இருக்க வேண்டும். இப்படி முடிந்தது:

"முதல் தவணை 10 சதவீதம், 64,000 ரூபாய்: இந்த மெயிலுக்குச் சம்மதம் வந்ததும். அளவெடுப்பதும் வரைபடங்களும் இதில் அடங்கும்.

இரண்டாம் தவணை 35 சதவீதம், 2,24,000: எல்லா வரைபடங்களிலும் இருவரும் கையெழுத்திட்டு, லேமினேட் எண்கள் முடிவானதும்.

மூன்றாம் தவணை 25 சதவீதம், 1,60,000: ஃபேக்டரியில் பெட்டிகள் தயாரானதும் நாங்கள் நேரில் பார்த்து, பலகையும் எண்ணிக்கையும் சரியென்று எழுதிய பின்.

நான்காம் தவணை 20 சதவீதம், 1,28,000: சமையலறையும் இரண்டு அலமாரிகளும் கதவுடன் மாட்டி முடிந்ததும்.

ஐந்தாம் தவணை 7 சதவீதம், 44,800: நாங்கள் தரும் குறைப்பட்டியலில் உள்ளவை எல்லாம் சரிசெய்ததும்.

கடைசித் தவணை 3 சதவீதம், 19,200: ஐந்தாம் தவணைக்கு 30 நாள் கழித்து, அதற்குள் தெரியும் குறைகளைச் சரிசெய்ததும்.

எல்லாத் தவணைக்கும் 18 சதவீத ஜி.எஸ்.டி. தனி. ஒவ்வொன்றும் பில் வந்தபின், நிறுவனத்தின் வங்கிக் கணக்குக்கு மட்டும்."

லாரி கிளம்பும் முன் 95 சதவீதம் என்றிருந்தது 70 ஆகக் குறைந்தது. தொகையில் 1,60,000 ரூபாய் வித்தியாசம். வரியைப் பற்றி ஒரு குறிப்பு: ஜி.எஸ்.டி. பதிவு இல்லாதவர் அந்த வரியை வாங்க முடியாது. கொட்டேஷனில் வரி போட்டிருந்தால் பதிவு எண்ணும் இருக்க வேண்டும், அந்த எண்ணை ஜி.எஸ்.டி. இணையதளத்தில் யாரும் போட்டுப் பார்க்கலாம். 'பில் இல்லாமல் என்றால் வரி இல்லை' என்று சொல்பவர்கள் உண்டு. பில் இல்லாவிட்டால் பின்னால் எந்தப் புகாருக்கும் கையில் காகிதம் இருக்காது. அந்த மிச்சம் நமக்கு வேண்டாம்.

முடிக்கும் நாளுக்குக் கொட்டேஷனில் '45 நாள்' என்று மட்டும் இருந்தது. எந்த நாளிலிருந்து? அட்வான்ஸ் கொடுத்த அன்றிலிருந்து என்று தங்கை நினைத்திருந்தாள். வரைபடம் முடிவான அன்றிலிருந்து என்பது டிசைனர் கணக்கு. இடையில் மூன்று வாரம் போகலாம். டிசைனர் கணக்கே சரி என்று எழுதினோம், ஏனென்றால் வரைபடத்துக்கு முன் பலகை வெட்ட முடியாது. அதற்கு மேல் தாமதமானால் நாளொன்றுக்கு 1,000 ரூபாய், அதிகபட்சம் 15,000 கழித்துக்கொள்ளலாம் என்று சேர்த்தோம். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 74-ஆம் பிரிவின்படி இப்படி எழுதும் தொகை ஓர் உச்சவரம்புதான். வழக்கென்று போனால் நியாயமான ஈடு எவ்வளவோ அதைத்தான் நீதிமன்றம் தரும். மிரட்டலாகப் பெரிய தொகை எழுதிப் பயனில்லை.

வேலை நடுவில் வரும் மாற்றங்களுக்கும் ஒரே ஒரு விதி வைத்தோம். எந்த மாற்றமானாலும் அதற்கு எவ்வளவு கூடும் அல்லது குறையும், எத்தனை நாள் ஆகும் என்று டிசைனர் இதே மெயிலுக்குப் பதிலாக எழுத வேண்டும். தங்கை 'சரி' என்று எழுதிய பின்தான் வேலை. வீட்டுக்குப் பார்க்க வரும் மாமியாரோ மைத்துனரோ ஆசாரியிடம் சொல்வது எதுவும் மாற்றம் ஆகாது. நம் வீடுகளில் இது நிஜமாகவே நடப்பதால் எழுத வேண்டியிருந்தது. வேலை செய்கிற இடத்தில் பெரியவர் ஒருவர் "இங்க ஒரு தட்டு போட்டுடுப்பா" என்றால் ஆசாரி மரியாதைக்குப் போட்டுவிடுவார். அந்தத் தட்டு கடைசி பில்லில் வந்து நிற்கும்.

இவ்வளவையும் ஸ்டாம்ப் பேப்பரில் எழுத வேண்டாமா என்று கேட்பவர்கள் உண்டு. எழுதினால் நல்லதுதான். ஆனால் மெயிலும் ஒப்பந்தம்தான். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவு, மின்னணு வழியில் பேசி ஒப்புக்கொண்டார்கள் என்பதற்காக மட்டும் ஓர் ஒப்பந்தம் செல்லாமல் போகாது என்கிறது. ஒரு தரப்பு எழுதியது மட்டும் இருந்தால் போதாது, மற்றவரின் 'சம்மதம்' வந்திருக்க வேண்டும். அதனால்தான் அந்தப் பதிலுக்குப் பிறகு பணம் என்று எழுதினோம். மெயிலை அழிக்காமல் வைத்திருக்க வேண்டும், வரைபடங்கள் அதிலேயே இணைப்பாக இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் ஆயிரம் படங்களுக்கு நடுவே எது கடைசி வரைபடம் என்று ஆறு மாதம் கழித்து யாருக்கும் தெரியாது. எல்லாம் மீறிப்போனால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த தொகை 50 லட்சம் வரை இருந்தால் அங்கேயே வழக்குப் போடலாம். அங்கும் முதலில் கேட்பது என்ன பேசினீர்கள், எவ்வளவு கொடுத்தீர்கள் என்பதற்கான சான்றைத்தான்.

மெயில் போன இரண்டாம் நாள் டிசைனர் இரண்டு திருத்தங்களோடு பதில் எழுதினார். டச்-அப் பெயின்ட்டுக்கு பில்டர் அடித்த அதே நிற எண்ணை நாங்கள் வாங்கித் தர வேண்டும் என்றார். வீட்டில் மின்சாரமும் தண்ணீரும் இலவசமாகத் தர வேண்டும் என்றார். இரண்டும் நியாயம். அதன் கீழ் 'சம்மதம்' என்றிருந்தது. அன்று மாலை 64,000 ரூபாயும் வரியும் போயிற்று.

ஐந்து வாரம் கழித்து, மூன்றாம் தவணைக்கு முன் ஃபேக்டரிக்குப் போனோம். எதைப் பார்ப்பது என்று தங்கை அச்சடித்து எடுத்து வந்திருந்தாள். லேமினேட் ஒட்டாமல் மிச்சமான துண்டுகள் ஒரு மூலையில் கிடந்தன. அவற்றில் 710 முத்திரை இருந்தது. ஆனால் அந்தத் துண்டு நம் பெட்டியில் வெட்டியதுதானா? அதற்கு ஒரு வழி இருக்கிறது. கீல் பொருத்துவதற்காகக் கதவில் 35 மி.மீ. அளவில் வட்டமாகக் குழி போட்டிருப்பார்கள். கீல் மாட்டுவதற்கு முன் அந்தக் குழிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் பலகையின் உள் தெரியும். பிளைவுட் என்றால் அடுக்கடுக்காக மரத்தாள்கள் குறுக்கும் நெடுக்குமாகத் தெரியும். மரத்தூளை அழுத்திச் செய்த பலகை என்றால் ஒரே மாவு மாதிரி இருக்கும். எங்கள் கதவுகள் எல்லாம் அடுக்குகளோடு இருந்தன.

தவறு இருந்தது பின்பலகையில். சின்ன அறை அலமாரியின் பின்பலகை விரலால் அழுத்தினால் உள்ளே போய் வந்தது. அளந்தால் 4 மி.மீ. கூடப் பழுதில்லை. மெயிலில் 6 என்றிருந்தது சமையலறைப் பத்தியில், அலமாரிப் பத்தியில் பின்பலகையைப் பற்றி எழுதவே இல்லை. எங்கள் பிழை. ஃபேக்டரி மேலாளர் அதைத்தான் காட்டினார். அங்கேயே நின்று டிசைனருக்குப் போன் செய்தோம். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சமையலறைக்கு என்ன சொன்னீங்களோ அதுவே இதுக்கும்னு நானும் நினைச்சேன், மாத்தச் சொல்றேன். பாதிச் செலவ நீங்க ஏத்துக்கோங்க" என்றார். தங்கை ஒப்புக்கொண்டாள். அன்று இரவே மெயிலில் அது ஒரு மாற்றமாகப் பதிவானது. பின்பலகை மாறி வந்த படம் கிடைத்த பிறகுதான் மூன்றாம் தவணை போனது.

மாட்டி முடித்ததும் குறைப்பட்டியல் எடுக்கும் நாளில் வீட்டில் மூன்று பேர் ஒரு மணி நேரம் செலவழித்தோம். ஒவ்வொரு கதவையும் டிராயரையும் மூன்று முறை திறந்து மூடினோம். கதவுகளுக்கு நடுவே இடைவெளி ஒரே அளவா என்று கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தோம். சிங்க்குக்குக் கீழே தண்ணீர் திறந்துவிட்டு, குழாய் வெளியேறும் ஓட்டையைச் சுற்றி அடைத்திருக்கிறார்களா என்று தடவிப் பார்த்தோம். அங்கே வெட்டிய பலகையின் விளிம்பு மூடாமல் விட்டிருந்தது. 710 பலகையானாலும் மூடாத விளிம்பில் வருடக்கணக்கில் ஈரம் பட்டால் ஊறத்தான் செய்யும். பதினொரு குறைகளை எண் போட்டு எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு படத்தோடு அனுப்பினாள். ஒன்பது நாளில் பதினொன்றும் சரியானது, 44,800 போயிற்று.

மிச்சம் 19,200. ஆடி மாதம் மழை பிடித்த ஒரு வாரத்தில் பூஜை அலமாரியின் ஒரு கதவு கொஞ்சம் வளைந்து, மூடினால் மேல் ஓரம் தனியாக நின்றது. தங்கை படம் எடுத்து அதே மெயில் தொடரில் போட்டாள். ஆசாரி அண்ணன் மறுநாள் வந்து கீலைத் திருகிப் பார்த்தார், சரிப்படவில்லை. கதவையே கழற்றி எடுத்துப்போனார். ஆறாம் நாள் புதுக் கதவு வந்தது. முப்பதாம் நாள் காலையில் கடைசித் தவணையை அனுப்பிவிட்டு அவள் டிசைனருக்கு எழுதினாள்: "பாக்கி முடிந்தது மேடம். என் நாத்தனார் பள்ளிக்கரணையில் வீடு வாங்கியிருக்கிறார். உங்கள் நம்பரைக் கொடுத்திருக்கிறேன், இந்த மெயிலையும் அனுப்பியிருக்கிறேன். பின்பலகை வரியைச் சேர்த்துவிட்டேன்."